தண்டலுக்கு எத்தனை வட்டி?

சென்னையில் பழ வியாபாரிகள் காலையில் கடன் வாங்கிச் சரக்கெடுத்து மாலையில் திருப்பிக் கொடுப்பதைப் பொருளாதார ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்திருக்கிறார்கள். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2011-ல் வெளியிட்ட ‘பூர் எகனாமிக்ஸ்’ நூலில் அந்த வட்டியின் சராசரி பதிவாகியிருக்கிறது. நாளொன்றுக்கு 4.69 சதவீதம். காலையில் 1,000 ரூபாய் வாங்கினால் பொழுது சாய்வதற்குள் கிட்டத்தட்ட 1,047 ரூபாயாகக் கொடுக்க வேண்டும். மறுநாள் காலையில் மறுபடி அதே 1,000.

இந்தக் கடனை வேறொருவர் மொத்தமாக அடைத்துவிட்டால் என்ன ஆகும்? டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகியோர் சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் அதைச் செய்தே பார்த்தார்கள். சந்தை வியாபாரிகளின் வட்டிக் கடன் அடைக்கப்பட்டது. சிலருக்குச் சிறு நிதிப் பயிற்சியும் தரப்பட்டது. 2019-ல் வெளியான அந்த ஆய்வின்படி, பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் மீண்டும் கடனுக்குள் வந்துவிட்டார்கள். ஓரிரு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, கடன் அடைக்கப்பட்டவருக்கும் அடைக்கப்படாதவருக்கும் வித்தியாசம் இல்லை.

இல்லத்தரசிகளுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் நிதிப் பயிலரங்கு நடத்த நினைப்பவர், அதிலும் கட்டணம் வாங்கி நடத்த நினைப்பவர், முதலில் மனதில் வாங்க வேண்டிய செய்தி இது. கடனையே அடைத்தும் நிலைக்காத மாற்றத்தை, ஒரு மண்டபத்தில் அரை நாள் பேசிவிட்டுச் சான்றிதழ் கொடுத்து உண்டாக்கிவிட முடியாது. மேலும், பொதுவான நிதி அறிவு இன்று இலவசமாகவே கிடைக்கிறது. வங்கிகளின் நிதிசார் கல்வி மையங்கள், தேசிய நிதிக் கல்வி மையம், செபியின் பயிற்சியாளர்கள் எனப் பலரும் காசு வாங்காமல் வகுப்பு எடுக்கிறார்கள். கணக்கு தொடங்குவது எப்படி, 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டில் சேர்வது எப்படி என்பதற்கெல்லாம் ஒரு பூக்கார அம்மாவிடம் கட்டணம் கேட்பது நியாயமில்லை. அவர் காசு கொடுத்து வாங்கத்தக்கது வேறு. அவருடைய சொந்தக் கடனை, சொந்தக் கல்லாவை எடுத்துவைத்துப் போட்டுக் காட்டும் கணக்கும், அந்த ஆறு வாரமும் கூடவே இருக்கும் ஓர் ஆளும்தான் அது.

அப்படி ஒரு பயிலரங்கைத் தண்டலிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டுச் சந்தைகளில் தண்டல் தெரியாத வியாபாரி இல்லை. பத்தாயிரம் ரூபாய்த் தண்டல் என்றால் ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு 8,500-ஐக் கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பிடிக்கும் தொகை ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். கணக்கின் அமைப்பு மாறாது. வட்டி எவ்வளவு என்று கேட்டால் “பத்தாயிரத்துக்கு ஆயிரத்தைந்நூறு, பதினைந்து பர்சன்ட்” என்பதே பொதுவான பதில்.

இங்கே பயிற்சியாளர் கரும்பலகையில் சூத்திரம் எழுதத் தொடங்கினால் வகுப்பு அங்கேயே முடிந்துவிடும். வியாபாரிகளிடம் ஏற்கெனவே ஓர் அளவுகோல் இருக்கிறது. நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி; மூன்று ரூபாய் என்றால் மூன்று வட்டி. எந்தக் கடனையும் இந்த அளவுக்குள் கொண்டுவந்துவிட்டால் படிக்காதவரும் ஒப்பிட்டுவிடுவார். தண்டலை இப்படிக் கொண்டுவரலாம். கையில் வந்தது 8,500. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால் அந்தத் தொகை நூறு நாளும் கையில் இருப்பதில்லை. தேய்ந்துகொண்டே போய் நூறாம் நாள் ஒன்றுமில்லாமல் ஆகிறது. ஆக, சராசரியாகக் கையில் இருந்த கடன் அதில் பாதி, அதாவது 4,250. அதற்கு நூறு நாளில் கொடுத்த வட்டி 1,500. நூறு ரூபாய்க்குக் கணக்கிட்டால் சுமார் 35 ரூபாய். நூறு நாள் என்பது மூன்றேகால் மாதத்துக்குச் சற்றுக் கூட. மாதத்துக்குப் பத்து ரூபாய்க்குக் குறையாது. தண்டல் என்பது பத்து வட்டி.

நுணுக்கமாகப் போட்டாலும் மாதம் ஏறக்குறைய 10 சதவீதம், ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம் என்றே வரும். வங்கி நகைக்கடன் ஆண்டுக்கு 9 சதவீதம் என்றால் முக்கால் வட்டி. பீரோவில் வளையலை வைத்துக்கொண்டு பத்து வட்டிக்குக் கடன் கட்டுகிறவர்கள் வகுப்பில் ஒருவராவது இருப்பார். அவருக்கு அதற்கு மேல் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

இதே அளவுகோல் வீட்டுப் பெண்களுக்கும் உதவும். வண்டிக்கோ ஃபிரிட்ஜுக்கோ 60,000 ரூபாய்க் கடன், 12 சதவீத ஃபிளாட் வட்டி, இரண்டு ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். வட்டி 14,400, மாதத் தவணை 3,100. சொன்னது ஒரு வட்டி. ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வரும்போதும் முழு 60,000-க்கும் வட்டி போடுவதால், உண்மையில் அது 1.80 வட்டி, அதாவது ஆண்டுக்கு 21.6 சதவீதம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர் கடன்களுக்கும் சிறு தொழில் கடன்களுக்கும், எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதத்தை ஒரு விவரத் தாளில் எழுதித்தர வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பதும் அந்த விதியில் உண்டு. ‘முக்கிய விவர அறிக்கை’ என்னும் அந்தத் தாளை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லி, அதிலுள்ள ஆண்டு விகிதத்தைக் கண்டுபிடித்து 12-ஆல் வகுக்கச் சொன்னால் போதும். வட்டி எத்தனை என்பது அவரவர் கையாலேயே வெளிவரும்.

முதல் அமர்வுக்கு இது போதும். இத்துடன் மியூச்சுவல் ஃபண்டு, காப்பீடு, வருமான வரி என்று சேர்த்தால் எதுவும் தங்காது.

இரண்டாவது அமர்வு கல்லாவைப் பற்றியது. இதற்கும் நல்ல சான்று ஒன்று இருக்கிறது. டொமினிக்கன் குடியரசில் சிறுதொழில் செய்பவர்களை வைத்து டிரெக்ஸ்லர், ஃபிஷர், ஷோவார் மூவரும் நடத்திய ஆய்வு 2014-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு முறையான கணக்குப்பதிவுப் பாடம். இன்னொரு பிரிவினருக்கு எளிய நடைமுறை விதிகள்: கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் வேறு வேறு இடத்தில் வை, கடையிலிருந்து உனக்கென்று ஒரு சம்பளம் எடுத்துக்கொள் என்பது போன்றவை. கணக்குப்பதிவு படித்தவர்களிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை. எளிய விதிகளைக் கற்றவர்களின் பணப் பழக்கம் மேம்பட்டிருந்தது.

நம் ஊரில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு பெண்ணை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்க்கலாம். நாள் விற்பனை 1,800 ரூபாய். அரிசி, உளுந்து, மின்சாரம், பை எல்லாம் சேர்ந்து 1,250. மீதி 550. இந்த 550 இருப்பது அவருக்கே தெரியாது. பால் வாங்கவும், பையனுக்கு நோட்டு வாங்கவும், மளிகைக் கடைப் பாக்கிக்கும் அதே டப்பாவிலிருந்து காசு போகிறது. சரக்குக்குப் பணம் குறையும் நாளில் தண்டல்காரரைக் கூப்பிடுகிறார். பயிலரங்கு அவருக்கு இரண்டு சுருக்குப்பை தருகிறது, ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. சிவப்பு கடைக்கு, பச்சை வீட்டுக்கு. இரவு வியாபாரம் முடிந்ததும் சிவப்பிலிருந்து பச்சைக்கு 350 ரூபாய் கூலி மாறும். அதற்கு மேல் வீட்டுக்கு வேண்டுமென்றால் எடுக்கலாம், ஆனால் நோட்டில் ஒரு கோடு போட வேண்டும். வாரக் கடைசியில் எத்தனை கோடு என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எழுதத் தெரியாதவரும் கோடு போடுவார்.

கூலி போக மீதி 200. தண்டலுக்கு 100 போனால் சிவப்புப் பையில் 100 நிற்கும். அது கிரைண்டர் பழுதுக்கும், மாவு புளித்து வீணாகும் நாளுக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கணக்கு மூன்றாவது அமர்வில் வருகிறது. அந்தப் பெண் நூறு நாள், தினம் நூறு ரூபாய், மழையானாலும் காய்ச்சலானாலும் தண்டலுக்குக் கட்டியிருக்கிறார். கட்ட முடியும் என்பதை அவரே நிரூபித்துவிட்டார். நூற்றியோராம் நாளும் அதே நூறு ரூபாயை நிறுத்தாமல் தன் பெயரில் ஒதுக்கினால், 85-ஆம் நாள் 8,500 ரூபாய் சேர்ந்திருக்கும். தண்டல்காரர் கையில் கொடுக்கும் அதே தொகை. நூறு நாள் கட்டி வாங்குவதற்குப் பதில் 85 நாள் கட்டி வாங்குகிறார், பிறகு யாருக்கும் பாக்கியில்லை.

தினக் கடன் வாங்கும் காய்கறி, பழ வியாபாரிகளுக்கு இது இன்னும் வேகமாக வேலை செய்யும். காலையில் 1,000 வாங்கி மாலையில் 1,050 கொடுப்பவர், தினம் 25 ரூபாய் ஒதுக்கி மறுநாள் அந்த அளவுக்குக் குறைத்து வாங்கட்டும். மிச்சமாகும் வட்டியையும் அதோடு சேர்க்கட்டும். 40 நாள் ஆகும் என்றுதான் மனக்கணக்கு சொல்லும். வட்டி மிச்சமும் சேர்வதால் 23 நாளில் கடன் வாங்கத் தேவையில்லாத நிலை வந்துவிடும்.

இவ்வளவு எளிது என்றால் ஏன் எல்லோரும் செய்யவில்லை? சென்னை ஆய்வு காட்டிய உண்மை இங்கேதான் திரும்ப வந்து நிற்கிறது. கணக்கு தெரியாமல் மட்டும் மக்கள் கடனுக்குத் திரும்புவதில்லை. ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குச் செய்முறை, வண்டி பஞ்சர், ஒரு வாரக் காய்ச்சல் என ஏதோ ஒன்று வந்து சேர்த்ததை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. எனவே மூன்றாவது அமர்வில் பாதி நேரத்தை இதற்கே கொடுக்க வேண்டும். அடுத்த மூன்று மாதத்தில் கட்டாயம் வரப்போகும் செலவு எது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அதற்குத் தனி டப்பா. அது சரக்குப் பணத்தோடு கலக்கக் கூடாது. டப்பாவில் பணம் தங்காத வீடுகளும் உண்டு. கணவரோ பிள்ளையோ எடுத்துவிடலாம். அப்படிப்பட்டவர்களுக்கு அஞ்சலகத் தொடர் வைப்பு நல்லது. மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். அரிசிப் பானையில் சிறுவாடு சேர்த்த பாட்டிகளின் பழக்கம்தான் இது. தன் பெயரில் ஒரு பாஸ்புக் இருப்பது மட்டுமே கூடுதல்.

நான்காவது அமர்வை மூன்றாவது முடிந்த மறுவாரம் வைக்கக் கூடாது. முதல் மூன்றையும் வாரம் ஒன்றாக முடித்து, நடுவில் இடைவெளி விட்டு, ஆறாவது வாரத்தில் வைக்க வேண்டும். கடன் திரும்பி வரும் காலம் அது. இடைப்பட்ட நாட்களில் வாரம் ஒருமுறை ஒவ்வொருவருக்கும் ஒரு போன் அல்லது வாட்ஸ்அப் குரல் செய்தி: “அக்கா, இந்த வாரம் எத்தனை கோடு? டப்பாவிலே எவ்வளவு?” பயிலரங்கு வேலை செய்ததா என்பதை இந்த விடைகள்தான் சொல்லும். “மிகவும் பயனுள்ளதாக இருந்தது” என்று எழுதித்தரும் கருத்துப் படிவத்தால் எதுவும் தெரியாது. ஆறாவது வாரத்தில் எத்தனை பேர் புதிதாகத் தண்டல் எடுக்கவில்லை, எத்தனை பேரின் நோட்டில் இன்னும் கோடு விழுகிறது என்ற இரண்டு எண்ணிக்கை போதும். அடுத்த குழுவிடம் கட்டணம் கேட்கும்போது காட்டவும் அதுவே உதவும்.

அறைக்குள் சில சங்கடங்கள் எழும். ‘உங்களுக்கு எவ்வளவு கடன்?’ என்று பலர் முன்னால் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர் உட்கார்ந்திருப்பார். தண்டல்காரரின் உறவுக்காரப் பெண்ணே வகுப்பில் இருக்கலாம். அவரவர் தாளில் அவரவர் எழுதி மடித்து வைத்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும். பலகையில் போடும் கணக்கு எப்போதும் பெயரில்லாத ஒருவருடையதாக இருக்க வேண்டும். தண்டல்காரரை வில்லனாக்கிப் பேசுவதும் பலன் தராது. இரவு பத்து மணிக்குக் கேட்டாலும் காகிதம் கேட்காமல் பணம் தருபவர் அவர்தான் என்பது வியாபாரிக்குத் தெரியும். அதே சமயம், தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி ஆகியவற்றில் அளவுமீறி வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டம் இருப்பதையும், மிரட்டல் வந்தால் காவல்துறைக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ புகார் கொடுக்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நகர்ப்புற நடைபாதை வியாபாரிகளுக்கான பிரதமர் ஸ்வநிதி கடனையும் குறிப்பிடலாம். 2020-ல் 10,000 ரூபாயில் தொடங்கிய முதல் கடன் இப்போது 15,000. ஆனால் உள்ளாட்சி அமைப்பு தந்த வியாபாரிச் சான்றோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். அது இல்லாதவருக்கு ஆசை காட்டக் கூடாது.

நேரமும் கட்டணத்தைப் போலவே முக்கியம். சில்லறை வியாபாரிக்கு மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கூட்டம் குறையும். வீட்டுப் பெண்களுக்குக் காலை பதினொன்று முதல் ஒன்று வரை. ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் நீட்டினால் மறுவாரம் பாதிப் பேர்தான் வருவார்கள். பதினைந்து பேருக்கு மேல் சேர்த்தால் ஒவ்வொருவரின் நோட்டையும் பார்க்க நேரம் இருக்காது.

இனி காசுக் கணக்கு. பதினைந்து பேர், நான்கு அமர்வு. நோட்டு, இரண்டு பை, டப்பா என்று ஆளுக்கு 120 வைத்தால் 1,800. இடமும் டீயும் அமர்வுக்கு 300 வீதம் 1,200. உதவிக்கு வரும் பெண்ணுக்கு அமர்வுக்கு 500 வீதம் 2,000. பயணம் 800. ஆகச் செலவு 5,800. பயிற்சியாளர் வகுப்பில் நிற்பது ஐந்து மணி நேரம்தான் என்றாலும், தயாரிப்பும் வாராந்தரத் தொலைபேசியும் சேர்த்தால் இருபது மணி நேரம் ஆகிவிடும். மணிக்கு 400 என்றால் 8,000. மொத்தம் 13,800, ஆளுக்கு 920 ரூபாய். தொகைகள் ஊருக்கேற்ப மாறும். ஆனால் பலரும் வகுப்பு நேரத்தை மட்டும் கணக்கிட்டுக் கட்டணம் வைத்து, மூன்றாவது குழுவோடு களைத்து நிறுத்திவிடுகிறார்கள்.

காய்கறிக் கடைக்காரரிடம் 920 கேட்க முடியாது. வாரம் 50 வீதம் ஆறு வாரத்தில் 300 கேட்கலாம். அவருக்குப் பழகிய தவணை முறை அது. முழுக்க இலவசம் என்றால் வேறு வேலை வந்த நாளில் வகுப்பு தானாக விடுபடும். 300-ல் 100-ஐ ஆறாவது வார அமர்வுக்கு நோட்டோடு வருபவரின் டப்பாவில் திரும்பப் போட்டுவிடலாம். அப்படிச் செய்தால் குழுவிலிருந்து நிற்கும் தொகை 3,000-லிருந்து 4,500-க்குள் இருக்கும். மீதி ஒன்பதாயிரம், பத்தாயிரம் வேறு இடத்திலிருந்து வர வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அதே அமர்வுகளைக் கடன் தாள், நகைக்கடன், தவணைக் கணக்கு என்று அமைத்து, ஆளுக்கு 1,500 வாங்கினால் 22,500 வரும். அந்தக் குழுவின் செலவு போக 8,700 மிஞ்சும். ஒரு குடியிருப்புக் குழு ஏறத்தாழ ஒரு சந்தைக் குழுவைத் தாங்கும். வணிகர் சங்கமோ, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியோ மீதியைத் தரலாம்.

யாரிடம் வாங்கக் கூடாது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். கடன் நிறுவனம், காப்பீட்டு முகவர், நகைக்கடை, சீட்டு நிறுவனம் ஆகியோர் செலவை ஏற்றால், கடைசி அமர்வில் அவர்களுடைய விண்ணப்பப் படிவம் மேசைக்கு வந்துவிடும். பங்கேற்பாளரிடம் கட்டணமும், விற்கும் திட்டத்துக்குக் கமிஷனும் சேர்த்து வாங்கும் பயிற்சியாளரை யாரும் இரண்டாம் முறை நம்ப மாட்டார்கள். சட்டமும் இருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு ஒருவருக்கு இன்ன பங்கை, இன்ன ஃபண்டை வாங்கு என்று சொல்ல, செபியின் 2013 விதிமுறைகளின்படி முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்திருக்க வேண்டும். பங்கேற்பாளர்களின் சேமிப்பை ‘நானே வாங்கி வைத்திருக்கிறேன்’ என்று நல்ல மனதோடு சொல்வதும் ஆபத்து. பொதுமக்களிடம் ஒழுங்குமுறைக்கு வெளியே வைப்புத் தொகை திரட்டுவதற்கு 2019-ல் தடைச் சட்டம் வந்திருக்கிறது. பயிற்சியாளர் தொட வேண்டிய பணம் தன் கட்டணம் மட்டுமே. அதற்கும் ரசீது தர வேண்டும். ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டாத வரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவைப்படாது.

முதல் குழுவைத் தெரிந்த ஒரே சந்தையில், அல்லது ஒரே தெருவில் நடத்துவது நல்லது. ஒருவர் வராவிட்டால் மற்றவர் போய்க் கூட்டிவருவார். தொடங்கும் மாதத்தையும் பார்த்து வைக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலும் வியாபாரிகளின் கையில் பணமும் இருக்காது, கேட்க நேரமும் இருக்காது. தை பிறந்து பொங்கல் செலவு ஓய்ந்த பிறகு தொடங்கினால் ஆறாவது வார அமர்வு மாசியிலோ பங்குனியிலோ முடியும். ஜூன் கட்டணத்துக்கு டப்பாவில் சேர்க்க, அதற்குப் பிறகும் இரண்டு மாதத்துக்கு மேல் கையில் இருக்கும்.